ஆபீஸ் போனும் லேப்டாப்பும் பையோடு போய்விட்டன: சிம்மை முதலில் முடக்கியது தப்பா?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 18, இரவு 11.40

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இன்று மாலை எங்கள் ஜூனியர் தம்பி உசிலம்பட்டியில் ஒரு வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பையை பஸ்ஸிலேயே மேல் தட்டில் விட்டுவிட்டான். ஆரப்பாளையத்தில் இறங்கி டீக்கடைக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அப்போது மணி 6.50. திரும்பி ஓடிப் பார்த்தால் பஸ் கிளம்பிவிட்டது. பையில் ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் போன் இரண்டுமே இருந்தன. அறுபது வாடிக்கையாளர்களுக்கு மேல் ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. அந்த போன் நம்பருக்குத்தான் வரும்.

பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொருவரையும் கேட்டு அலைந்துவிட்டு, 9.10-க்குத்தான் எனக்குப் போன் செய்தான். 9.25-க்கு கம்பெனி உதவி எண்ணுக்கு அழைத்து சிம்மை முடக்கினேன். அதன் பிறகு போனைத் தூரத்திலிருந்து பூட்டலாம், அழிக்கலாம் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் android.com/find பக்கத்துக்குப் போனால், போன் கடைசியாக 9.21-க்கு இணைப்பில் இருந்தது, இடம் தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று காட்டுகிறது. அழிக்கும் கட்டளை கொடுத்தேன். போன் அடுத்து இணைப்புக்கு வரும்போது அழியும் என்கிறது. சிம்மை முடக்கியதால்தான் இணைப்பு போனதா? நான் செய்த வரிசை தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மறுநாள் 20-ம் தேதி, ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்ன் 3பி-க்குக் கடைசி நாள்.

மேலூர்க்காரன், செப்டம்பர் 19, காலை 5.55

கவலைப்படாதீங்க. ceir.gov.in-ல் ஐ.எம்.இ.ஐ. நம்பரைக் கொடுத்து முடக்கிவிடுங்கள். அதோடு அந்த போன் செங்கல்தான். எடுத்தவன் ஒன்றும் செய்ய முடியாது. என் மச்சான் போன் தொலைந்தபோது அதைத்தான் செய்தோம், நாலு மாதத்தில் போலீஸ் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 19, காலை 6.30

மேலூர்க்காரர் சொன்னதில் பாதி சரி. ஐ.எம்.இ.ஐ. முடக்கினால் இந்தியாவில் எந்த கம்பெனி சிம் போட்டாலும் அந்த போனில் சிக்னல் வராது. ஆனால் வைஃபையில் வேலை செய்யும். உள்ளே இருக்கும் படம், கோப்பு, மெயில் எல்லாம் அப்படியே இருக்கும். அது போனைத் திருடி விற்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு. வாடிக்கையாளர் தகவலைக் காக்காது.

இன்னொன்று: அதைச் சீக்கிரம் செய்தால் உங்களுக்கே இடைஞ்சல். போன் சிக்னலை இழந்தால் நீங்கள் அனுப்பும் கட்டளையும் போய்ச் சேராது. சிம் முடக்கியதிலும் அதேதான் நடந்திருக்கிறது. பஸ்ஸில் கிடந்த போனுக்கு இணையம் அந்த சிம் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதை நீங்களே அறுத்துவிட்டீர்கள். 9.10-க்கும் 9.25-க்கும் நடுவில் பூட்டும் கட்டளை கொடுத்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் முழுத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். அந்த சிம்முக்கு பின் நம்பர் பூட்டு போட்டிருந்தீர்களா? போன் பூட்டு இல்லை, சிம்முக்கே தனியாகப் போடும் பூட்டு. அது இல்லையென்றால், எடுத்தவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அறுபது பேர் ஓ.டி.பி.யும் அவனுக்கு வரும்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, காலை 6.50

சிம்முக்குப் பூட்டு போட்டதே இல்லை. அப்படி ஒன்று இருப்பது தெரியும், ஆனால் ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் கேட்குமே என்று விட்டுவிட்டோம்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. சிம் முடக்குவதை நான் ஏன் முதலில் செய்தேன் என்றால், கூகுள் கணக்கில் நுழைய என் சொந்த போனில் முயன்றேன். அது "உங்கள் போனில் வந்த கேள்விக்கு ஆம் என்று அழுத்துங்கள்" என்றது. எந்த போனில்? தொலைந்த போனில்! 15 நிமிடம் அதிலேயே போனது. கடைசியில் ஆபீசுக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே அந்தக் கணக்கு திறந்திருந்த கம்ப்யூட்டரில் பார்த்தேன். அதற்குள் மணி 9.55.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 19, காலை 7.20

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூகுளில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்தால் எட்டு இலக்க எண்கள் பத்து தருவார்கள், அவசரத்துக்கு ஒவ்வொன்றும் ஒரே முறை பயன்படும். அதை அச்செடுத்து ஆபீஸ் பீரோவில் வைத்திருந்தால் 15 நிமிடம் மிச்சம். இன்னொரு வழி android.com/lock. அங்கே கணக்கின் பாஸ்வேர்டே வேண்டாம், போன் நம்பரை மட்டும் கொடுத்தால் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் தொலைவதற்கு முன்பே போனின் திருட்டுப் பாதுகாப்பு அமைப்பில் அதை ஆன் செய்திருக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. iCloud.com/find பக்கத்தில் பாஸ்வேர்டு மட்டும் போதும், இரண்டாவது எண் கேட்காது.

நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லும் வரிசை இது. முதலில் ஆபீசுக்கு ஒரு போன். தேடுவது அப்புறம். உடனே பூட்டும் கட்டளை, கூடவே திரையில் தெரியும்படி திருப்பிக் கூப்பிட ஒரு நம்பர். பிறகு கணக்குகளை எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுவது. அதன் பிறகு சிம். இந்த மொத்தமும் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் பூட்டும் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை என்றால் காத்திருக்காமல் சிம்மை முடக்கிவிடுங்கள். உங்களுக்கு நடந்தது இந்த நிலைமைதான், அதனால் நீங்கள் செய்தது ஏற்கக்கூடியதே.

அழிப்பதைக் கடைசியில் வைக்கிறேன். அழித்த பிறகு இடம் தெரியாது. போனில் மெமரி கார்டு இருந்தால் அது அழியாமலும் போகலாம்.

திருமங்கலம் வியாபாரி, செப்டம்பர் 19, காலை 8.05

எனக்கு இந்தக் கட்டளை, சிம் எல்லாம் புரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் ஆதார் நகல், பான், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு எல்லாம் என் ஆடிட்டர் ஆபீசில்தான் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு பை தொலைந்தால் எனக்கு எப்போது சொல்வீர்கள்? அந்த அறுபது பேருக்கும் சொல்லியாச்சா?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, காலை 8.15

இன்னும் இல்லை. எங்கள் சார் "பை கிடைத்துவிடும், ஒரு நாள் பொறுப்போம்" என்கிறார். நானும் நேற்று இரவு அப்படித்தான் நினைத்தேன். உங்கள் கேள்வியைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. 9.30-க்கு சார் வந்ததும் மறுபடி பேசுகிறேன்.

அனுப்பானடி அக்கா, செப்டம்பர் 19, காலை 9.40

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று என் போனும் போனது. பிள்ளைகள் படம் எல்லாம் அதில்தான். அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்றுதான் இங்கே வந்தேன். ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்: மறுநாளே டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டேன், கால் வந்தது, ஆனால் ஒரு நாள் முழுக்க எஸ்.எம்.எஸ். வரவில்லை. கடையில் கேட்டால் அப்படித்தான் விதி என்றார்கள்.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 19, காலை 9.55

அக்கா, கூகுள் போட்டோஸில் சேமிப்பு ஆனில் இருந்திருந்தால் புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்ததும் படங்கள் வந்துவிடும். இல்லையென்றால் கஷ்டம்தான்.

நீங்கள் சொன்ன விதி உண்மை. சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்க 2022-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. வேறு ஒருவர் உங்கள் பெயரில் சிம் எடுத்து ஓ.டி.பி. திருடுவதைத் தடுக்க வந்தது அது. உண்மையான ஆளையும் அதே 24 மணி நேரம் கட்டிப்போடும். சிம்மக்கல் அண்ணே, இப்போதே கிளம்பிப் போய் சிம் வாங்குங்கள். 20-ம் தேதிக்கு நேரம் அங்கேதான் போகிறது.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, பகல் 1.30

அனுப்பானடி அக்காவுக்கு நன்றி. நான் சாயங்காலம் போகலாம் என்றிருந்தேன். 11 மணிக்கே சிம் வாங்கிவிட்டேன். எஸ்.எம்.எஸ். நாளை 11-க்கு மேல்தான். ஓ.டி.பி. மின்னஞ்சலுக்கும் போவதால் இன்று பாதிப் பேர் ரிட்டர்னை அந்த வழியில் முடித்தோம். மீதிப் பேருக்குப் பதிவான மின்னஞ்சல் யாருடையது என்றே தெரியவில்லை.

வாட்ஸ்அப்பை என் பழைய போனில் அந்த நம்பருக்குப் போட்டேன். எஸ்.எம்.எஸ். வராததால் கால் மூலம் எண் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தேன், வந்தது. வேறு போனில் ஏறியதும் தொலைந்த போனில் அந்தக் கணக்கு வெளியேறிவிடும் என்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆதார் படங்கள் அந்த போனின் கேலரியில் கிடக்குமே.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாச்சு. ஐ.எம்.இ.ஐ. முடக்க அந்த நகலும், ஓ.டி.பி.க்கு ஒரு நம்பரும் கேட்கிறது. அது நாளைக்கு. தேனிக்கு ஒரு ஆளை அனுப்பினோம். பஸ் ஸ்டாண்டில் பை எதுவும் வரவில்லை என்றார்களாம்.

சார் சம்மதித்துவிட்டார். 60 பேருக்கும் போன் போடத் தொடங்கிவிட்டோம்.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ், செப்டம்பர் 19, மாலை 4.20

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் போனைப் பற்றியே பேசுகிறீர்கள். லேப்டாப் என்ன ஆச்சு?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, மாலை 4.45

லேப்டாப்பில் பாஸ்வேர்டு இருக்கிறது. கஷ்டமான பாஸ்வேர்டுதான், யாரும் ஊகிக்க முடியாது. அதனால் அதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ், செப்டம்பர் 19, மாலை 5.10

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் கடைக்கு "பாஸ்வேர்டு மறந்துபோச்சு, டேட்டா மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று வாரம் ரெண்டு மூன்று பேர் வருவார்கள். பின்னால் உள்ள ஸ்குரூவைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யை எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு யு.எஸ்.பி.யில் செருகினால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டேலி டேட்டா எல்லாம் அப்படியே திறக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவுப் பூட்டு மாதிரி. நான் கதவு வழியாகப் போவதே இல்லை. கால் மணி நேர வேலை.

டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதியிருந்தால்தான் என்னால் முடியாது. அதைத்தான் கேட்கிறேன், ஆகியிருந்ததா?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, இரவு 8.30

இரண்டு மணி நேரமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் கையில் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸ் ஹோம் என்று மட்டும் பில்லில் இருக்கிறது.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 19, இரவு 9.05

அந்த லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் கணக்கு வைத்து நுழைந்திருந்தீர்களானால், வேறு கம்ப்யூட்டரில் aka.ms/myrecoverykey பக்கத்தைத் திறந்து அதே கணக்கில் போய்ப் பாருங்கள். அந்த லேப்டாப் பெயரில் 48 இலக்க மீட்பு எண் இருந்தால், ஒரு கட்டத்தில் குறியாக்கம் நடந்திருக்கிறது. நடுவில் யாராவது அணைத்திருக்கலாம், எனவே நிச்சயம் என்று சொல்லமாட்டேன். எண் எதுவுமே இல்லையென்றால் திறந்து கிடப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் அதே சமயத்தில் வாங்கிய வேறு லேப்டாப் இருக்கிறதா? இருந்தால் அதில் நிர்வாகி உரிமையோடு இதை ஓட்டுங்கள்.

```
manage-bde -status
```

100 சதவீதம் குறியாக்கம் என்று காட்டலாம். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். கீழே `Protection Status` என்ற வரியைப் பாருங்கள். அங்கே `Protection Off` என்றிருந்தால் பூட்டின் சாவி பூட்டிலேயே தொங்குகிறது என்று அர்த்தம். மைக்ரோசாப்ட் கணக்கு இல்லாமல் உள்ளூர்க் கணக்கு மட்டும் வைத்திருக்கும் விண்டோஸ் ஹோம் லேப்டாப்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 19, இரவு 10.15

அதே மாதம் வாங்கிய இன்னொன்று இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். 100 சதவீதம், `Protection Off`. எங்கள் எல்லா லேப்டாப்பும் உள்ளூர்க் கணக்கில்தான் இருக்கின்றன, மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டாம் என்று நானேதான் அமைத்தேன்.

அப்படியானால் அந்த லேப்டாப் திறந்து கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் வாடிக்கையாளர் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில் இருந்தது. குரோமிலும் சேமித்திருந்தோம்.

இப்போது ஆபீசில் நான்கு பேர் உட்கார்ந்து, எங்களிடம் உள்ள பட்டியலை வைத்து ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கிலும் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைந்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். மறந்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்தினால் ஓ.டி.பி. கேட்கும், எஸ்.எம்.எஸ். இல்லை. உள்ளே நுழைந்து மாற்றினால் அது தேவைப்படவில்லை. வருமான வரித் தளத்தில் நுழைய முடியாமல் போன மூன்று பேருக்கு, அவர்கள் சொந்த நம்பரில் வரும் ஆதார் ஓ.டி.பி. வைத்து மாற்றினோம். காலையில் போன் போட்டுச் சொல்லியிருந்ததால்தான் அவர்கள் இந்த நேரத்திலும் எடுத்தார்கள்.

மேலூர்க்காரன், செப்டம்பர் 19, இரவு 10.40

இவ்வளவு தேவையா? பஸ்ஸில் கிடக்கும் பையை எடுப்பவன் லேப்டாப்பை விற்கத்தான் பார்ப்பான். எக்ஸெல்லைத் தேடுவானா?

டவுன்ஹால் ரோடு சர்வீஸ், செப்டம்பர் 19, இரவு 10.50

எடுப்பவன் தேடமாட்டான். அவன் விற்கும் கடையில் இருப்பவன் தேடலாம். பழைய லேப்டாப் வாங்கும்போது முந்தைய ஆளின் டேட்டா அழியாமல் வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் அழித்துவிடுவேன், எல்லோரும் அப்படியா?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 20, பகல் 12.25

எஸ்.எம்.எஸ். 11.40-க்கு வரத் தொடங்கியது. மீதி 3பி ஓடுகிறது. அப்புறம் எழுதுகிறேன்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 20, இரவு 11.55

ரிட்டர்ன் முடிந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தாமதக் கட்டணம் வரும், அதை ஆபீஸ் கட்டுவதாக சார் சொல்லிவிட்டார்.

இப்போது ஒன்று எழுதியாக வேண்டும். தம்பி 6.50-க்குத் தெரிந்தும் 9.10 வரை சொல்லவில்லை. பஸ் அப்போது செக்கானூரணியைக்கூடத் தாண்டியிருக்காது. பூட்டியிருக்கலாம், திரையில் நம்பர் போட்டிருக்கலாம், கண்டக்டர் கண்ணில் பட்டிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்பு வேறொரு பையன் பென் டிரைவைத் தொலைத்தபோது நான் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேனாம். "அண்ணே, தேடிக் கிடைத்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன்" என்கிறான். அந்த இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அவனை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. இனி தொலைத்தவர் முதல் பத்து நிமிடத்துக்குள் சொன்னால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று சாரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

திருமங்கலம் வியாபாரி, செப்டம்பர் 21, காலை 7.30

வாடிக்கையாளர்களிடம் என்னதான் சொன்னீர்கள்? சண்டை போட்டார்களா?

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 21, காலை 9.00

முதல் ஐந்தாறு பேரிடம் "சின்ன சிக்கல், பயப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தேன். அதுவே அவர்களைப் பயமுறுத்தியது. பிறகு நேராகச் சொன்னேன். இந்தத் தேதியில் லேப்டாப்பும் போனும் தொலைந்தன. உங்கள் விஷயத்தில் அதில் இருந்தது இன்னின்ன. நாங்கள் இதுவரை செய்தது இது. நீங்கள் செய்ய வேண்டியது: அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள், எங்கள் ஆபீஸ் பெயரைச் சொல்லி யாராவது ஓ.டி.பி. அல்லது பணம் கேட்டால் கொடுக்காமல் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள். கணக்கில் பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். அது அவர் உரிமை.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 21, காலை 9.40

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, தகவல் கசிவு போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் incident@cert-in.org.in முகவரிக்குத் தெரிவிக்க வேண்டும். பை தொலைந்தது மட்டுமே தகவல் கசிவு ஆகுமா என்பதில் எங்கள் ஆபீசிலேயே இரண்டு கருத்து. குறியாக்கம் இல்லாத டிஸ்க் என்றால் நான் தெரிவிக்கச் சொல்வேன். எங்கள் சட்ட ஆலோசகர், யாரோ திறந்ததற்கு அறிகுறி இருந்தால்தான் என்பார். இது எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 21, மாலை 6.15

ஐயோ, ஒன்றை முழுக்க மறந்துவிட்டோம். பையின் முன் அறையில் பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன்கள் இருந்தன. கம்பெனி வாடிக்கையாளர்களுக்குக் கையெழுத்துப் போட எடுத்துப்போனது. மூன்று நாளாக யாருக்கும் தோன்றவில்லை, தம்பிதான் இன்று மத்தியானம் சாப்பிடும்போது நினைவுபடுத்தினான். ஏழு இருக்கும் என்கிறான். ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, ஆள் பெயரும் பின் நம்பரும் எழுதியிருக்கும்.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 21, மாலை 6.40

இதை முதல் மணி நேரத்தில் செய்திருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். டோக்கனிலிருந்து சாவியைப் பிரதி எடுக்க முடியாது, பின் நம்பரைப் பல முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு முழுவதையும் டேப்பில் எழுதிய நம்பர் இல்லாமல் ஆக்கிவிட்டது. அதை வைத்திருப்பவர் போடும் கையெழுத்து சட்டப்படி அந்த டைரக்டரின் கையெழுத்து.

ரத்து செய்யும்படி கேட்க வேண்டியது சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம், கேட்க வேண்டியவர் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவர். சாவி கைமாறியது தெரிந்தால் தாமதமில்லாமல் தெரிவிக்கும் பொறுப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு அவர்மேல்தான் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் அவருக்கு அது தெரியவே வழியில்லை.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 22, காலை 11.20

ஆறு பேரிடம் பேசிவிட்டேன். நான்கு பேர் ரத்துக் கோரிக்கை அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர், மாத முடிவில் ஆடிட் அறிக்கை இருக்கிறதே, புதிது வாங்க வீடியோ சரிபார்ப்பு எல்லாம் இழுக்குமே என்று தயங்கினார்கள். ஒரு மணி நேரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். ஏழாமவர் சோழவந்தான். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 22, மாலை 5.50

பை கிடைத்துவிட்டது! அன்று கண்டக்டரே எடுத்து நேரக் காப்பாளர் அறை பீரோவில் வைத்துவிட்டு, மறுநாள் விடுப்பில் போயிருக்கிறார். நாங்கள் கேட்டபோது அங்கிருந்தவருக்கு விஷயமே தெரியாது. இன்று அவரே வந்து, பையில் இருந்த பில்லைப் பார்த்துக் கூப்பிட்டார். தம்பி தேனிக்குப் போய் வாங்கி வந்துவிட்டான். அவன் முகத்தில் இன்றுதான் உயிர் வந்தது.

போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. லேப்டாப் இருக்கிறது.

மேலூர்க்காரன், செப்டம்பர் 22, மாலை 6.05

பார்த்தீர்களா! வீணாக 60 பேரைக் கலங்க வைத்தீர்கள்.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ், செப்டம்பர் 22, மாலை 6.30

லேப்டாப்பை ஆன் செய்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் பின்பக்க ஸ்குரூவைப் பாருங்கள், தலையில் புதுக் கீறல் இருக்கிறதா, ரப்பர் கால் உரிந்து ஒட்டியிருக்கிறதா என்று.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 22, இரவு 7.15

ஆன் செய்யும்போது வைஃபை இல்லாத இடத்தில் செய்யுங்கள். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 18-ம் தேதி மாலைக்குப் பிறகு 6005 என்ற எண் இருந்தால் யாரோ ஆன் செய்திருக்கிறார்கள், 4625 இருந்தால் பாஸ்வேர்டு முயன்றிருக்கிறார்கள். எதுவும் இல்லையென்றால் நல்லது, ஆனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் படித்திருந்தால் இந்தப் பதிவில் அது வராது. டிஸ்க் தனக்குள் எத்தனை முறை மின்சாரம் ஏறியது என்று எண்ணி வைக்கும். தொலைவதற்கு முந்தைய எண் உங்களிடம் இருந்தால்தான் அதை ஒப்பிட முடியும். அதனால் விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடுங்கள், இந்த முறை `Protection On` என்று வரும்வரை விடாதீர்கள்.

போனை வைஃபையில் இணைத்ததும் நீங்கள் கொடுத்த அழிக்கும் கட்டளை ஓடிவிடும். அதில் தேவையானது ஏதும் இருந்தால் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 22, இரவு 9.30

நிகழ்வுப் பதிவில் 18-ம் தேதி மதியத்துக்குப் பிறகு, இன்று நான் ஆன் செய்ததைத் தவிர, எதுவும் இல்லை. ஸ்குரூவில் கீறல் இருக்கிறது, ஆனால் போன வருடம் ரேம் மாற்றினோம், அப்போது வந்ததா தெரியவில்லை. போனை வைஃபையில் இணைத்தேன், ஐந்து நிமிடத்தில் தானாக அழிந்து புதுப் போனாக நிற்கிறது. சிம் அதன் இடத்திலேயே இருந்தது.

மேலூர்க்காரருக்கு: 60 பேருக்குச் சொன்னதை நான் திரும்பப் பெறமாட்டேன். நான்கு நாள் அந்தப் பீரோ யாரிடம் திறந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. பை கிடைத்ததையும் இன்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டுகள் மாற்றியபடியே இருக்கும்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 22, இரவு 10.10

டோக்கன்களை எண்ணினேன். ஆறுதான் இருக்கின்றன. சோழவந்தான்காரருடையது இல்லை. ஏழு எடுத்துப்போனோம் என்பது தம்பியின் ஞாபகம் மட்டுமே. அவருடைய டோக்கனை அன்று எடுத்துப்போனோமா, அதற்கு முந்தின வாரம் அவரிடமே கொடுத்துவிட்டோமா என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆபீஸ் மேசைகள் எல்லாம் தேடியாச்சு.

இலந்தைக்குளம் நிர்வாகி, செப்டம்பர் 22, இரவு 10.25

போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல் கணக்கு, செப்டம்பர் 22, இரவு 10.40

ஆமாம். அவர் இன்னும் போன் எடுக்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் தம்பியும் சோழவந்தான் போகிறோம். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ரத்துக் கோரிக்கையை அனுப்ப வைத்துவிட்டுத்தான் திரும்புவோம். டோக்கன் அவரிடமே இருந்தாலும் சரி, அந்தப் பின் நம்பர் டேப்பை என் கையாலேயே உரித்துவிட்டு வருவேன்.